‘காணோம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்

2020 ஏப்ரல் 22 அன்று ஜெர்மனியின் வயர்கார்ட் நிறுவனம் பங்குச் சந்தைக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நிறுவனத்தின் கணக்குகளை ஆறு மாதமாகத் துருவிக்கொண்டிருந்த கேபிஎம்ஜியின் தடயவியல் தணிக்கை முடிவுக்கு வருகிறது. ஆராயப்பட்ட நான்கு துறைகளிலும், கணக்கைத் திரித்ததாக எழுந்த குற்றச்சாட்டுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்றது அந்த அறிவிப்பு. 2016 முதல் 2018 வரையிலான கணக்கறிக்கைகளைத் திருத்த வேண்டிய அளவுக்கு எதுவும் வெளிப்படவில்லை என்றும் சேர்த்துக்கொண்டது.

ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 28 அன்று, அறிக்கையே வெளியானது. படித்துப் பார்த்த முதலீட்டாளர்கள் அன்றே வயர்கார்ட் பங்கை 26 சதவீதம் சரித்தார்கள்.

அறிவிப்பிலும் அறிக்கையிலும் பேசப்பட்டது ஒரே ஆய்வுதான். ‘ஆதாரம் கிடைக்கவில்லை’ என்ற வாக்கியத்தை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. தேடிப் பார்த்துவிட்டு ‘காணோம்’ என்று சொல்வதும், பூட்டிய அறைக்கு வெளியே நின்றுகொண்டு ‘காணோம்’ என்று சொல்வதும் காதுக்கு ஒன்றாகத்தான் கேட்கும். தடயவியல் தணிக்கை அறிக்கையைச் சுருக்கி எழுதுபவர், அந்தச் சொல் எந்த இடத்தில் நின்று சொல்லப்பட்டது என்பதை வாசகருக்குக் காட்ட வேண்டும். வயர்கார்ட் அதை மறைத்தது.

விவகாரத்தின் பின்னணி இது. வயர்கார்ட் இணையக் கட்டணங்களைக் கையாளும் நிறுவனம். ஜெர்மனியின் முதல் வரிசைப் பங்குக் குறியீடான டாக்ஸில் 2018இல் இடம்பிடித்தது. தனக்கு உரிமம் இல்லாத நாடுகளில் வேறு நிறுவனங்கள் மூலம் கட்டணங்களைக் கையாள்வதாகவும், அதற்குக் கமிஷன் பெறுவதாகவும் அது சொல்லிவந்தது. துபாய், சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் இருந்த மூன்று கூட்டாளிகளே இந்த வணிகத்தில் முக்கியமானவர்கள். குழுமத்தின் லாபத்தில் பெரும்பகுதி இந்த வழியில் வந்ததாகக் கணக்கு காட்டியது. அந்தக் கமிஷன் பணமும் நேரே வயர்கார்டின் வங்கிக் கணக்குக்கு வரவில்லை. வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால் உதவும் ஈடாக, ஒரு பொறுப்பாளரின் பெயரில் உள்ள எஸ்க்ரோ கணக்குகளில் கிடப்பதாகச் சொல்லப்பட்டது. 2018 இறுதியில் அங்கே சுமார் 100 கோடி யூரோ இருந்ததாக ஏடுகள் காட்டின.

இந்த வணிகம் உண்மையில் நடக்கிறதா என்று ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ நாளிதழ் 2019 அக்டோபரில் உள் ஆவணங்களோடு கேள்வி எழுப்பியது. சந்தேகத்தைத் தீர்க்க வயர்கார்டின் மேற்பார்வைக் குழு கேபிஎம்ஜியை அழைத்தது.

வழக்கமான ஆண்டுத் தணிக்கையில் தணிக்கையாளர் மாதிரிக்குச் சில பதிவுகளை எடுத்துப் பார்த்து, கணக்கு மொத்தமாக நியாயமான சித்திரம் தருகிறதா என்று கருத்துச் சொல்வார். தடயவியல் தணிக்கைக்குக் கேள்வி முன்கூட்டியே வகுக்கப்படும். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தேடப்படும். இங்கே முதன்மைக் கேள்வி, 2016 முதல் 2018 வரை கூட்டாளிகள் மூலம் வந்ததாகக் காட்டிய வருமானம் உண்மையா, தொகை சரியா என்பது. வணிகர்களுக்குத் தந்த முன்பணம், இந்திய வணிகம், சிங்கப்பூர் வணிகம் ஆகியவை மற்ற மூன்று.

வருமானம் உண்மையா என்று நிறுவ ஒரு சங்கிலி வேண்டும். ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதன்படி யார், எங்கே, எவ்வளவு செலுத்தினார் என்ற பரிவர்த்தனைத் தரவு இருக்க வேண்டும். அதிலிருந்து கணக்கிட்ட கமிஷனும் மாதாந்தரக் கணக்குச் சீட்டில் உள்ள தொகையும் பொருந்த வேண்டும். கடைசியில் அந்தத் தொகை ஒரு வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்; வந்து சேர்ந்ததை வங்கியே தணிக்கையாளரிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் கைவழியாக வரும் உறுதிக் கடிதம் நிறுவனமே தரும் சாட்சியத்துக்கு மேல் மதிப்புப் பெறாது. ஆய்வு முறை என்ற தலைப்பில் சுருக்கத்தில் வர வேண்டியது இவ்வளவுதான்: எந்தக் கேள்வி, எந்தக் காலம், எந்தச் சங்கிலி, சான்று யார் கையிலிருந்து வந்தது. பேட்டி எண்ணிக்கையையும் கோப்புகளின் அளவையும் அடுக்கினால் ஆய்வு ஆழமானது என்ற தோற்றம் மட்டுமே மிஞ்சும்.

இந்த வழக்கிலேயே அப்படி ஓர் எண் உண்டு. 2019 டிசம்பர் மாதத்துக்கு மட்டும் சுமார் 20 கோடி பரிவர்த்தனைப் பதிவுகள் ஆய்வுக்குத் தரப்பட்டன. படித்தவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் கேள்வி 2016 முதல் 2018 வரையிலான காலத்தைப் பற்றியது. டிசம்பர் 2019இன் தரவு முழுக்கச் சரியாக இருந்தாலும், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் வருமானத்துக்கு அது சாட்சி ஆகாது.

கேபிஎம்ஜி அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனபோது ஒப்பந்தங்களைப் பார்த்தது, கணக்குச் சீட்டுகளையும் பார்த்தது. மற்ற இரண்டு கண்ணிகளும் கைக்கு எட்டவில்லை. அந்த மூன்று ஆண்டுகளின் பரிவர்த்தனைத் தரவு கூட்டாளிகளிடம் இருந்தது, அவர்கள் ஒத்துழைக்கவில்லை. எஸ்க்ரோ கணக்குகளைக் கவனித்துவந்த பொறுப்பாளர் 2019 இறுதியில் வயர்கார்டின் உறவை முடித்துக்கொண்டார். நேரில் விளக்கம் தர அவர் கிடைக்கவில்லை. கையில் வந்த காகிதங்கள் பெரும்பாலும் மின்னணு நகல்கள். மூலப் பத்திரம் இல்லாததால் அவை உண்மையானவைதானா என்று சோதிக்க வழியில்லை. வயர்கார்டும் கேட்ட ஆவணங்களைத் தாமதமாகத் தந்தது, பேட்டிகளைத் தள்ளிப்போட்டது.

ஆகவே கேபிஎம்ஜி எழுதிய முடிவு இரு பக்கமும் சாயாதது. வருமானம் இருந்தது, தொகை சரி என்றும் எங்களால் சொல்ல முடியாது; வருமானம் இல்லை, தொகை தவறு என்றும் சொல்ல முடியாது. இதற்கு அறிக்கை வைத்த பெயர் ‘ஆய்வுத் தடை’.

சுருக்கி எழுதுபவர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒவ்வொரு தடயவியல் அறிக்கையிலும் வரம்புகள் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் இரண்டு வகை கலந்து கிடக்கும். ஒரு வகை எல்லா அறிக்கைக்கும் பொதுவானது: இது சட்டபூர்வத் தணிக்கை அல்ல, மூன்றாம் நபர்கள் இதை நம்பி முடிவெடுக்கக் கூடாது, சட்டக் கருத்து கூறவில்லை என்பவை. அவற்றை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். மற்ற வகை இந்த வழக்குக்கே உரியது: இன்ன ஆவணத்தைக் கேட்டோம், இன்னார் தரவில்லை, அதனால் இன்ன கேள்விக்குப் பதில் இல்லை. இதைப் பின்குறிப்பாக ஒதுக்கக் கூடாது. எந்தக் கேள்வியைப் பாதிக்கிறதோ, அந்தக் கேள்விக்கான முடிவோடு ஒரே மூச்சில் எழுத வேண்டும். வயர்கார்டின் அறிவிப்பு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு வரம்பைக் கழற்றிவிட்டது. பார்க்க முடியாத இடத்திலிருந்து ஆதாரம் வராது என்பது சந்தை படிக்காத பாதி வாக்கியமாக நின்றுபோனது.

நம் ஊரோடு தொடர்புடைய ஒரு பகுதியும் இந்த அறிக்கையில் உண்டு. சென்னையைத் தளமாகக் கொண்ட ஹெர்மிஸ் ஐ டிக்கெட்ஸ் நிறுவனமும் அதோடு சேர்ந்த வணிகங்களும் 2015இல் வயர்கார்டின் கைக்கு வந்தன. ஒப்புக்கொண்ட உச்ச விலை சுமார் 34 கோடி யூரோ. விற்றது மொரீஷியஸில் பதிவான ஒரு முதலீட்டு நிதியம். அது சற்று முன்னர்தான் இதே வணிகத்தை அந்த விலையின் ஒரு சிறு பங்குக்கு வாங்கியிருந்தது. நிதியத்தின் பின்னால் இருந்தது யார்? அந்த இறுதி உரிமையாளரைக் கேபிஎம்ஜியால் உறுதி செய்ய முடியவில்லை. இதை ‘இந்திய வணிகத்தில் குறை காணப்படவில்லை’ என்று சுருக்கினால் வாசகரை ஏமாற்றியதாகும். ‘மோசடி அம்பலம்’ என்று தலைப்பிட்டாலும் அறிக்கை சொல்லாததைச் சொன்னதாகும். விலை வேறுபாடு தெரிந்த ஒன்று, உரிமையாளர் யார் என்பது தெரியாத ஒன்று. இரண்டையும் தனித்தனி வாக்கியமாக நிறுத்துவதுதான் நேர்மை.

அந்த ஏப்ரலில் ஒரு செய்தியாளர் முதன்மைக் கேள்வியை இப்படி எழுதியிருக்கலாம்: “2016 முதல் 2018 வரை கூட்டாளிகள் மூலம் வந்ததாகக் காட்டிய வருமானத்தைக் கேபிஎம்ஜி ஒப்பந்தங்கள், கணக்குச் சீட்டுகள் வழியே ஆராய்ந்தது. அந்த வருமானம் உண்மை என்றோ பொய் என்றோ அதனால் கூற முடியவில்லை. காரணம், கூட்டாளிகள் அந்தக் காலத்தின் பரிவர்த்தனைத் தரவைத் தரவில்லை. சுமார் 100 கோடி யூரோ கணக்குகளில் வந்து சேர்ந்ததற்குப் போதிய வங்கிச் சான்றும் இல்லை. கணக்கைத் திருத்தத் தேவையில்லை என்பது நிறுவனத்தின் கூற்று.” ஐந்தே வாக்கியம். முறை முதலில், முடிவு அடுத்து, அதை ஒட்டியே வரம்பு. நிறுவனம் சொன்னது நிறுவனத்தின் வாயிலேயே இருக்கிறது. அறிக்கைக்குள் ‘நிர்வாகத்தின் விளக்கப்படி’ என்று தொடங்கும் வாக்கியங்களையும் இப்படித்தான் நடத்த வேண்டும். அவை தணிக்கையாளர் கேட்டு எழுதியவை, கண்டு எழுதியவை அல்ல.

சுருக்கத்தின் தவறு குற்ற விசாரணை வரை போனது. மார்ச் 12, ஏப்ரல் 22 தேதிகளில் வந்த அறிவிப்புகள் முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியிருக்கலாம் என்று ஜெர்மனியின் நிதி ஒழுங்குமுறை அமைப்பான பாஃபின் புகார் அளித்தது. அதே பாஃபின் ஓராண்டுக்கு முன்பு வயர்கார்டைக் குறைகூறிய பத்திரிகையாளர்கள்மீது புகார் கொடுத்திருந்தது. ஜூன் 5 அன்று மியூனிக் அரசு வழக்கறிஞர்கள் நிறுவனத்தின் தலைமையகத்தைச் சோதனையிட்டார்கள்.

கேபிஎம்ஜி திறக்க முடியாமல் விட்ட அறைக்குள் என்ன இருந்தது என்பது ஜூன் 18 அன்று தெரிந்தது. அதற்குள் பணம் மணிலாவின் இரண்டு வங்கிகளுக்கு மாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்டிருந்தது; ஏட்டுத் தொகையும் 190 கோடி யூரோவாக வளர்ந்திருந்தது. ஆண்டுத் தணிக்கை செய்த ஈஒய் நிறுவனம் அதற்குப் போதிய சான்று இல்லை என்று கையெழுத்திட மறுத்தது. வயர்கார்ட் எங்கள் வாடிக்கையாளரே இல்லை, உறுதிக் கடிதங்கள் போலி என்றன அந்த இரு வங்கிகளும். அந்தப் பணம் தன் நாட்டு வங்கி அமைப்புக்குள் வரவே இல்லை என்று பிலிப்பைன்ஸ் மத்திய வங்கி அறிவித்தது. ஜூன் 25 அன்று வயர்கார்ட் திவால் மனு தாக்கல் செய்தது.