முன் வரிசைக்காகப் பேசுங்கள்

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆனது, அடுத்த ஆண்டே 60 ஆயிற்று. வயது மாறினாலும் வழக்கம் மாறவில்லை. மாதக் கடைசி நாள் பிற்பகலில் ஆணையைக் கையில் வாங்கியதும் அலுவலகத்திலேயே நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு ஒரு கூட்டம் நடக்கும். மாலை, சால்வை, இனிப்பு, காரம், வரிசையாகப் பேச்சு. "நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று திடீரென்று உங்களைக் கூப்பிடுவார்கள்.

பெரும்பாலானோர் அங்கே ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். கடின உழைப்பாளி, சிரித்த முகம், எல்லோரிடமும் அன்பாகப் பழகுபவர். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த மாதம் ஓய்வு பெறுபவருக்கும் இதையே சொல்லலாம்.

அந்தக் கூட்டத்தில் முன் வரிசையைப் பாருங்கள். மனைவி, மகள், மருமகன், பேரக்குழந்தை உட்கார்ந்திருப்பார்கள். அவர் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவார், இரவு எத்தனை மணிக்கு வருவார் என்பது அவர்களுக்குத் தெரியும். நடுவில் என்ன செய்தார் என்பது பலருக்கும் தெரியாது. அலுவலகத்தில் அவரைப் பார்த்தவர்கள் நீங்கள்தான். ஆகவே அவர் செய்த ஒரே ஒரு வேலையை வீட்டாருக்குப் புரியும்படி சொல்வதுதான் உங்கள் பேச்சின் கடமை.

அந்த ஒரு வேலையைக் கண்டுபிடிக்க இரண்டு பேரிடம் விசாரித்தால் போதும். அவரிடம் வேலை கற்றுக்கொண்ட இளையவர் ஒருவர், அலுவலக உதவியாளர் ஒருவர். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் மறுபடியும் சிரித்த முகம்தான் வரும். "அவர் இல்லாமல் முடிந்திருக்காது என்று நீங்கள் நினைக்கும் வேலை எது?" என்று கேளுங்கள். சம்பவம் வரும்.

தாலுகா அலுவலகப் பதிவறையில் நெடுங்காலம் இருந்த ஒருவர் ஓய்வு பெறுகிறார், அவரை அண்ணன் என்று அழைக்கும் இளைய ஊழியர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படி அமையலாம்:

"எல்லோருக்கும் வணக்கம். அண்ணி, உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். நான் வேலைக்கு வந்த வருஷம் ஒரு வயதான அம்மா இங்கே வந்தார். யூ.டி.ஆர். கணக்கெடுப்பில் அவர் நிலத்தின் பட்டா பக்கத்து நிலத்துக்காரர் பெயருக்குப் போய்விட்டது. திருத்த வேண்டுமானால் அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகல் வேண்டும். அந்த ஊர்க் கட்டில் அது இல்லை. 'கிடைக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அண்ணன் இரண்டு நாள் சாயந்திரம் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்த்தார். வேறொரு ஊர்க் கட்டுக்குள் இருந்தது. அந்த நகலை வைத்து மனு போட்டு அந்த அம்மா பட்டாவைத் திருத்திக்கொண்டார். அண்ணன் சில நாள் ஏன் நேரம் கழித்து வீட்டுக்கு வந்தார் என்றால், அண்ணி, இதற்காகத்தான். அண்ணே, கட்டைப் பிரித்தால் பழையபடி கட்டி, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அப்படியே செய்கிறேன். வணக்கம்."

நிறுத்தி நிதானமாகப் பேசினாலும் இது இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. மேடையில் இருப்பவர்களின் பெயரை ஒவ்வொன்றாக விளிக்கவில்லை. தலைமை தாங்குபவர் அதை முன்பே செய்திருப்பார். 'நேர்மையானவர்' என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. கேட்பவர்கள் தாங்களே அந்த முடிவுக்கு வருவார்கள். யூ.டி.ஆர்., பட்டா, பதிவேடு என்பவற்றுக்கு மேல் அலுவலகச் சொல் எதுவும் இல்லாததால் மகளுக்கும் மருமகனுக்கும் விளங்கும்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. கிடைக்காமல் போன பதவி உயர்வு, எப்போதோ வாங்கிய 17(பி) குறிப்பாணை, மேலதிகாரியோடு நடந்த சண்டை ஆகியவற்றைப் பாராட்டுவதற்காகக்கூடத் தொடாதீர்கள். "அத்தனை அநியாயத்தையும் தாங்கினார்" என்று நீங்கள் உருகும்போது, வீட்டில் அவர் மறைத்துவைத்த செய்தி அம்பலமாகலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிய பேச்சும் வேண்டாம். "இனி வீட்டில் அண்ணி ராஜ்யம்தான்" என்ற வேடிக்கையை அவருக்கு முன் ஓய்வு பெற்ற எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

எழுதிவைத்துப் படிப்பதில் வெட்கம் இல்லை. முந்தைய நாள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். குரல் தழுதழுக்கும் வரி எது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, அங்கே நின்று மூச்சு விட்டுவிட்டுத் தொடருங்கள்.

பேசி முடித்ததும் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கீழே உங்கள் பெயரையும் தேதியையும் எழுதி அவர் வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.