இருவாச்சியின் பெயரில் இரண்டு திருவிழாக்கள்

ஊர்த் திருவிழா ஒன்றை வெளியூர் மக்களும் வந்து காணும் பண்பாட்டு விழாவாக மாற்ற முனைவோர் பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலுக்கும் மேடைக்கும் செலவிடும் சிந்தனையைப் பெயருக்குச் செலவிடுவதில்லை. ஆனால் எந்தச் சடங்கை யார், எந்த நாளில், எவர் முன்னிலையில் நிகழ்த்த வேண்டியிருக்கும் என்பதைப் பெயரே பல வேளைகளில் முடிவு செய்துவிடுகிறது. நாகாலாந்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹார்ன்பில் திருவிழாவும், அருணாசலப் பிரதேசத்தில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பக்கே பாகா ஹார்ன்பில் திருவிழாவும் ஒரே பறவையின் பெயரைத் தாங்கியிருந்தும் வெவ்வேறு சிக்கல்களுக்கு விடையாக அமைந்தவை என்பதால், இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. ஹார்ன்பில் என்பது தமிழில் இருவாச்சி என வழங்கும் பறவையாகும். ஆனைமலைக் காடுகளிலும் வாழும் பெரிய இருவாச்சியே இவ்விரு விழாக்களின் சின்னமாகவும் திகழ்கிறது.

நாகாலாந்தில் ஒவ்வொரு நாகப் பழங்குடிக்கும் தனக்கே உரிய பெருவிழா உண்டு. அங்காமியர் பிப்ரவரி இறுதியில் செக்ரென்யி என்னும் தூய்மைத் திருவிழாவையும், கோன்யாக்கர் ஏப்ரலில் ஆவோலியாங் என்னும் இளவேனில் விழாவையும், ஆவோ மக்கள் விதைப்பு முடிந்தபின் மே மாதத்தில் மோவாட்சு விழாவையும், லோத்தா மக்கள் அறுவடைக்குப் பின் நவம்பரில் தோக்கு எமோங் விழாவையும் கொண்டாடுகின்றனர். இவை அனைத்தையும் ஓரிடத்தில் காட்டும் பொதுவிழா ஒன்றை மாநில அரசு நடத்த விரும்பியபோது, இவற்றுள் எந்தப் பெயரைத் தேர்ந்தாலும் மற்றப் பழங்குடியினர் பிறர் வீட்டு விழாவுக்கு வந்த விருந்தினராகிவிடும் நிலை இருந்தது. இருவாச்சியோ பல நாகப் பழங்குடியினரின் கதைகளிலும் தலையணிகளிலும் இடம்பெற்ற பறவை; அதன் பெயர் அனைவருக்கும் நெருக்கமானது, எவருடைய சடங்கையும் சுட்டாதது.

இத்தேர்வின் உண்மையான பயன் ஒற்றுமைச் சின்னம் கிடைத்தது என்பதைவிட, சடங்குப் பெயர்கள் ஊரிலேயே விடப்பட்டன என்பதில்தான் இருக்கிறது. செக்ரென்யி என்பது ஆடவர் அதிகாலையில் ஊர் நீர்நிலைக்குச் சென்று தம்மைத் தூய்மை செய்துகொள்வதில் தொடங்கி, பல நாள் நீளும் நோன்பும் பாட்டும் விருந்துமாக அமைவது. அதற்கு உரிய மாதமும் ஊரும் உண்டு. அந்தப் பெயரை டிசம்பரில் நடக்கும் பொதுவிழாவுக்குச் சூட்டியிருந்தால், பிப்ரவரிக்குரிய சடங்கைப் பயணியின் வசதிக்கேற்ப டிசம்பரில் நடித்துக்காட்ட வேண்டிய கட்டாயம் காலப்போக்கில் எழுந்திருக்கும். பறவையின் பெயருக்கு அத்தகைய நாள் கணக்கு இல்லாததால், மாநிலம் உருவான நாளாகிய டிசம்பர் 1ஆம் தேதியில் விழாவைத் தொடங்கவும், முதலில் ஒரு வாரமாக இருந்ததைப் பின்னர்ப் பத்து நாட்களாக நீட்டவும், ராக் இசைப் போட்டியைக்கூட அதனுடன் சேர்க்கவும் எந்தச் சடங்கு நெறியும் தடையாகவில்லை. கோஹிமாவுக்கு வடக்கேயுள்ள துவோபெமா ஊரில் பிப்ரவரி மாதச் செக்ரென்யியைக் காணவும் பயணிகள் செல்கின்றனர். அங்கே பெயரும் நாளும் சடங்கும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் இருக்கின்றன.

விழா நிகழும் இடத்தின் பெயரிலும் இதே கவனம் தெரிகிறது. கோஹிமாவிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிசாமா மரபு ஊர், கிக்வேமா, பெசாமா என்னும் இரண்டு அங்காமி ஊர்களின் பெயர்க்கூறுகளை இணைத்துப் பெயர் பெற்றது. ஒவ்வொரு பழங்குடிக்கும் ஒரு மொருங், அதாவது இளைஞர்கள் தங்கிப் பயிலும் மரபுக் கூடத்தின் மாதிரி, அங்கே கட்டப்பட்டுள்ளது. விழா எல்லாருடையதாக இருந்தாலும் நிலம் இன்னாருடையது என்பதை இடத்தின் பெயர் மறவாமல் சொல்வது மிகச் சரியான ஏற்பாடாகும். பொதுப்பெயர் சூட்டும் பல விழாக்கள் இந்த நன்றியைக் கைவிட்டுவிடுகின்றன.

ஆயினும் பறவையின் பெயருக்கும் ஒரு விலை உண்டு. பெரிய இருவாச்சியின் வால் இறகு வெண்ணிறமானது. அதன் குறுக்கே அகன்ற கரும்பட்டை ஒன்று ஓடும். அவ்விறகை அணிவது முன்னர் வீரத்தாலோ தகுதியாலோ பெறப்பட்ட உரிமையாக இருந்தது. பறவையின் பெயரே விழாவின் பெயரானபின், மேடையேறும் ஆடல் குழு முழுவதும் அதை அணிந்து தோன்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வளர்வது இயல்பு. அவ்வாறாயின் சிலருக்குரிய சிறப்பு அனைவரின் சீருடையாகிறது என்பது ஒரு கேடு. வேட்டையாலும் காடழிப்பாலும் ஏற்கெனவே அருகிவிட்ட பறவைக்கு மேலும் நெருக்கடி நேரலாம் என்பது அதனினும் பெரிய கேடு. செயற்கை இறகுகள் பயன்பாட்டுக்கு வந்தமை இரண்டாவது கேட்டைத் தணிக்கக்கூடியது. முதலாவதற்கு அது விடையாகாது. ஒரு பெயர் எந்தப் பொருளைக் கண்முன் நிறுத்துகிறதோ, அந்தப் பொருளையே வருவோர் கேட்பர் என்பதால், பெயரிடுவோர் அப்பொருள் ஊரில் எந்த அளவில் கிடைக்கிறது, அதைக் காட்டும் உரிமை யாரிடம் உள்ளது என்பவற்றை முதலிலேயே விசாரிக்க வேண்டியவராகின்றனர்.

அருணாசலத்தின் நிஷி மக்கள் இக்கேள்வியை வேறு திசையிலிருந்து அணுகினர். நிஷி ஆடவரின் மரபுத் தலையணியில் இருவாச்சியின் அலகே பொருத்தப்படும். அதற்காகப் பறவை வேட்டையாடப்பட்டதால், கண்ணாடி இழையில் வார்த்த செயற்கை அலகுகள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. பின்னர்ப் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களைச் சேர்ந்தோரே இருவாச்சிக் கூடுகளின் பாதுகாவலர்களாயினர். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சிறு பிளவு வழியாக ஆண் பறவை இரையூட்டும். ஆண் பறவை கொல்லப்பட்டால் உள்ளிருக்கும் தாயும் குஞ்சும் உணவின்றி மடிய நேரும் என்பதால், கூடு இருக்கும் மரத்தைக் காவல் காப்பதே பாதுகாப்பின் உயிர்நாடியாகும். அந்தப் பணி வேரூன்றிய பிறகே, சேய்ஜோசா என்னும் ஊரில் பக்கே பாகா விழா தொடங்கியது.

இங்கே பெயர் மூன்று படிகளாக அமைந்துள்ளது: பக்கே என்பது இடம், பாகா என்பது அப்பறவைக்கு நிஷி மொழியில் வழங்கும் பெயர், ஹார்ன்பில் என்பது வெளியூரார் தேடி அறியக்கூடிய சொல். நாகாலாந்து விழா ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த நிலையில் ஹார்ன்பில் திருவிழா என்று மட்டும் பெயரிட்டிருந்தால் பயணி குழம்பியிருப்பார். பாகா என்று மட்டும் சொல்லியிருந்தால் அது என்னவென்றே அவருக்குத் தெரிந்திருக்காது. பெயர் நீளமானதே, ஒரே மூச்சில் நினைவில் பதிவதும் கடினமே. எனினும் ஊரின் சொல் பொதுச்சொல்லுக்கு முன்னே நிற்பதால், வருபவர் அதை ஒருமுறையேனும் உச்சரிக்காமல் விழாவின் முழுப்பெயரைச் சொல்ல இயலாது.

அதே மாநிலத்தின் ஜீரோ இசைத் திருவிழா, 2012ஆம் ஆண்டு தொடங்கியபோது, இடப்பெயரை மட்டுமே எடுத்துக்கொண்டது. அப்பள்ளத்தாக்கில் வாழும் அபதானி மக்களின் ஜூலை மாத விவசாயச் சடங்கான த்ரீ, செப்டம்பர் மாத இசை மேடையின் விளம்பரமாகாமல் தன் நாளிலேயே நிற்கிறது. பாடுவதற்கு வெளியூர்க் குழுக்களே பெருமளவில் வரும் விழாவுக்கு இந்த அடக்கமான பெயர் பொருத்தமானது. ஊர்மக்களே நிகழ்த்துநராகவும் காவலராகவும் இருக்கும் பக்கே போன்ற விழாவுக்கோ அது போதாது. அங்கு மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பெயரும் ஓரளவு தாங்கியாக வேண்டும், அந்தச் சுமையைத்தான் பாகா என்னும் சொல் ஏற்றுக்கொண்டுள்ளது.