உங்களுக்குத் தெரியுமா? நாடாவில் மாட்டின் எடை

பவானி பக்கத்து அந்தியூர் ஆடிச் சந்தையில் மாட்டின் எடையைக் கண்ணாலேயே சொல்பவர்கள் உண்டு. ஆனால் விற்கிறவர் அந்தக் கண்ணை நம்பத் தேவையில்லை; தையல் நாடா போதும். முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து வாலடிப் பக்கத்து இடுப்பெலும்பு முனை வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 60, நீளம் 54 என்றால் சுமார் 295 கிலோ. சுற்றளவு இருமுறை பெருக்கப்படுவதால் அதில்தான் கவனம் வேண்டும்: அங்கே 2 அங்குலம் கூடினால் 20 கிலோ ஏறும், நீளத்தில் அதே பிழை 11 கிலோதான். மாடு நான்கு காலிலும் சமமாக நிற்கட்டும். நாடா திமிலின் மேல் ஏறாமல் அதற்குப் பின்னால் படியட்டும்.

சினை மாட்டுக்கும் வயிறு முட்டத் தின்ற மாட்டுக்கும் இது பொய்க்காதா என்றால், ஓரளவு பொய்க்கும். எடைமேடை இருந்தால் அதுவே மேல். ஆனாலும் குடற்புழு மருந்துக்குக் கண்மதிப்பைவிட இது பத்திரம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் பென்பெண்டசோல் என்றால் அந்த 295 கிலோ மாட்டுக்கு 1,475 மில்லிகிராம் வேண்டும். 220 கிலோ என்று நினைத்து 1,100 கொடுத்தால் வலுத்த புழுக்கள் தப்பிப் பெருகும். நாளடைவில் அந்த மருந்தே அவற்றுக்குக் கேட்காது.