ஏரிக்கரை படமும் இரவல் வானமும்

சென்ற ஆகஸ்டு மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர் ஓய்வு பெற்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'தான். முப்பத்து நான்கு வருஷம் பெங்களூரில் இருந்தவர், தினமும் மாலையில் அல்சூர் ஏரிக்கரையில் நடந்தவர். ஊருக்குப் புறப்படும் முன் அந்த ஏரியோடு ஒரு படம் வேண்டுமென்றார். ஒரு மாலை ஐந்து மணிக்கு வேட்டி சட்டையோடு கரையில் உட்கார்ந்தார். நான் வடக்குப் பார்த்து நின்று செல்போனில் எடுத்தேன். அண்ணாச்சி நன்றாக விழுந்தார். ஏரி நடுவிலுள்ள தீவுகளின் மரங்களும் நன்றாக விழுந்தன. வானம் மட்டும் வெளுத்த சாம்பல் பூசிய சுவர் போல இருந்தது. மறுநாள் அவர் ரயில் ஏறிவிட்டார். இனி அதே படத்தை மறுபடி எடுக்க வழியில்லை.

வானத்தை மாற்றிவிட்டால் போகிறது என்று நினைத்தேன். இன்டர்நெட்டில் கிடைத்த ஓர் அஸ்தமன வானத்தை ஒட்டி, பெருமையாக வீட்டில் காட்டினேன். என் மனைவி ஒரு நிமிஷம் பார்த்தாள். 'ஏங்க, வடக்கே எப்போதிருந்து சூரியன் அஸ்தமிக்கிறது? தண்ணீரில் அந்தச் சிவப்பைக் காணோமே?' என்றாள். இரண்டு கேள்வியும் நியாயமானவை. நான் செய்த இரண்டு பிழையும் அவற்றுக்குள் இருந்தன.

வெளிச்சம் எந்தப் பக்கம்?

மேகமூட்ட நாளில் நிழல் விழுவதில்லை. ஆனால் திசையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஆகஸ்டு நடுவில் மாலை ஐந்து மணிக்குப் பெங்களூரில் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கே, தொடுவானத்துக்கு மேலே இருபது பாகைக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கும். வடக்குப் பார்த்து நின்றால் அது என் இடது கைப் பக்கம். படத்தை உற்றுப் பார்த்தால் அண்ணாச்சியின் இடது கன்னத்தை விட வலது கன்னம், அதாவது நமக்கு இடப்பக்கம் தெரியும் கன்னம், ஒரு சாயல் வெளிச்சமாக இருந்தது. ஆகவே புது வானத்தின் மேகங்களும் இடப்பக்கமே வெளுத்து, வலப்பக்கம் கறுத்திருக்க வேண்டும். வலப்பக்கம் வெளுத்த நல்ல வானம் கிடைத்தால் `Flip Horizontally` கொடுத்து இடம் வலமாகத் திருப்பிக்கொள்ளலாம். மேகத்துக்கு இடது வலது கிடையாது.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. அண்ணாச்சியின் காலடியில் நிழல் இல்லை. நீல வானம், சுள்ளென்ற வெயில், பஞ்சு மேகம் என்று ஒட்டினால், அந்த வெயிலில் மனிதருக்கு நிழல் எங்கே என்று பார்ப்பவன் மனம் கேட்கும்; காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று தோன்றும். எனவே சூரியன் மேகத்துக்குப் பின்னே மறைந்திருக்கும் வானமே பொருந்தும்.

மூன்று நாள் கழித்து மூட்டம் கொஞ்சம் பிளந்தது. அதே ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் ஏறி, அதே வடக்குப் பார்த்து, அதே போனில், பெரிதாக்காமல் வானத்தை எடுத்தேன். பெரிதாக்காமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மேகங்கள் தொடுவானத்தை நெருங்க நெருங்கச் சின்னதாகவும் நெருக்கமாகவும் தெரியும். வேறு அளவில் எடுத்த வானத்தில் இந்தக் கணக்கு தப்பிவிடும்.

வெட்டாமல் ஒட்டுவது

முதல் தடவை மர இலைகளைச் சுற்றி வெட்டப் போய், ஒவ்வோர் இலைக்கும் வெள்ளை ஓரம் கட்டியது. வெட்டவே வேண்டியதில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நம் வானம் வெளுப்பாக இருப்பதே இங்கே உதவி. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் செயலியில் புது வானத்தைப் படத்தின் மேல் ஓர் அடுக்காக வைத்து, அதன் முறையை `Multiply` என்று மாற்றினேன். இரண்டு அடுக்கையும் பெருக்கும் முறை இது. வெள்ளையோடு பெருக்கினால் புது நிறம் அப்படியே நிற்கும். கறுப்போடு பெருக்கினால் கறுப்பே நிற்கும். வெள்ளை வானம் இருந்த இடத்தில் மேகம் வந்தது. கருத்த இலைகள் தம் இடத்தில் கலையாமல் நின்றன.

ஆனால் மூட்ட வானம் முழு வெள்ளை அல்ல. என் படத்தில் அது 255க்கு 225 என்று காட்டியது. அப்படியே பெருக்கினால் எல்லாம் அழுக்காகும். அதனால் முதலில் அடிப்படத்துக்கு `Levels` திறந்து, வெள்ளை முனையை 255லிருந்து 225க்கு இழுத்துவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும்: கறுத்துத் திரண்ட மழை மேகம் உள்ள படத்தில் இந்த வித்தை பலிக்காது. பழைய மேகமும் புது மேகமும் ஒன்றன் மேல் ஒன்று தெரியும். அங்கே வானத்தை வெட்டி எடுக்கத்தான் வேண்டும்.

பெருக்கல் கண்மூடித்தனமானது. தீவு மரங்களுக்கு மேலே எட்டிப் பார்த்த ஒரு வெள்ளைக் கட்டடமும் மேக நிறமாயிற்று. அடுக்குக்கு ஒரு முகமூடி போட்டு, அந்த இடத்தில் கறுப்புத் தூரிகையால் தடவினேன். கட்டடம் பழையபடி வெள்ளையாயிற்று.

தண்ணீர் சொல்லும் சாட்சி

அடுத்தது ஏரி. புது வானத்தை இன்னொரு பிரதி எடுத்து, `Flip Vertically` கொடுத்துத் தலைகீழாக்கி, எதிர்க்கரையில் தண்ணீர் தொடங்கும் கோட்டோடு பொருத்தினேன். மேகம் அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, கீழே தண்ணீரில் அவ்வளவு ஆழத்தில் தெரிய வேண்டும். இதற்கும் `Multiply` முறைதான். தண்ணீர் ஏற்கெனவே வெள்ளை வானத்தைப் பிரதிபலித்திருக்கிறது அல்லவா? அந்த வெளுப்பில் மேகம் படிந்தது. மரங்களின் கரிய பிம்பம் கரியதாகவே நின்றது. சிற்றலைகளும் அப்படியே கிடைத்தன. அலையில் பிம்பம் நீளவாக்கில் இழுபடும் என்பதால், தலைகீழ் வானத்தை மேலும் கீழுமாகச் சற்று மங்கலாக்கினேன். அண்ணாச்சி உட்கார்ந்திருப்பது தண்ணீருக்கு முன்னால். அவர் வேட்டியும் மேக நிறத்தில் சாயம் போட்டது போல ஆகிவிட்டது. அங்கேயும் கறுப்புத் தூரிகைதான் காப்பாற்றியது.

இங்கே ஒரு சங்கடம் வந்தது. என் படத்தில் வானம் மூன்றில் ஒரு பங்கு, தண்ணீர் அதைவிட அதிகம். அப்படியானால் படத்துக்குள் வராத, இன்னும் உயரத்திலுள்ள வானமும் தண்ணீரில் தெரிந்தாக வேண்டும். நல்லவேளை, மாடியில் போனை நெடுக்காகப் பிடித்து எடுத்திருந்தேன். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மேகம் தண்ணீர் நடுவில் கத்தரித்தது போல நின்றுவிடும்.

இன்னொன்று, தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே அளவு கண்ணாடி அல்ல. தூரத்துத் தண்ணீரை நாம் சாய்வாகப் பார்க்கிறோம். ஐந்து பாகைச் சாய்வில் அது விழும் ஒளியில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பும். இருபது பாகையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. காலடியில் குனிந்து பார்த்தால் வானம் மறைந்து ஏரியின் பச்சைதான் தெரியும். அதனால் தலைகீழ் அடுக்கின் முகமூடியில் எதிர்க்கரையில் வெள்ளை, நம் கரையில் கறுப்பு என்று படிப்படியாக நிறம் ஓட்டினேன். காலடித் தண்ணீர் பழைய பச்சைக்கே திரும்பியது.

மனைவியிடம் மறுபடி காட்டினேன். இந்தத் தடவை வேட்டியின் ஓரத்தில் விட்டுப்போன ஓர் ஊதாத் திட்டைக் கண்டுபிடித்தாள். அதையும் துடைத்துவிட்டு அச்சுக்குக் கொடுத்தேன்.

இதைப் பத்திரிகைக்குச் செய்திப் படமாக அனுப்ப முடியாது. ஏரியில் அன்று இப்படி இருந்தது என்று அது சொல்லும். அன்று அப்படி இருக்கவில்லை. அண்ணாச்சிக்கு அனுப்பிய பிரதியின் பின்பக்கத்தில் ஏரி எடுத்த தேதியைப் போட்டு, அதன் கீழே 'வானம் மூன்று நாள் பிந்தியது' என்று எழுதினேன். படம் கிடைத்ததும் போன் செய்தார். 'நான் ரயிலேறின பிறகு மழை விட்டுச்சா தம்பி?' என்று மட்டும் கேட்டார்.