மூன்று பேரை டேக் செய்தால் ஒரு சேலை: பக்கத்துக்கு ஆகும் உண்மையான செலவு

“எங்க பேஜை ஃபாலோ பண்ணுங்க, இந்தப் போஸ்ட்டுக்கு லைக் போடுங்க, கமெண்ட்டில் மூணு ஃபிரண்ட்ஸை டேக் பண்ணுங்க. ஒரு அதிர்ஷ்டசாலிக்குச் சேலை இலவசம்!” ஆடித் தள்ளுபடி தொடங்கி பொங்கல் முடியும்வரை இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் இந்த வாசகம் கண்ணில் படாத நாள் இல்லை. வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவர், மசாலாப் பொடி அரைத்து அனுப்புபவர், ஊர்ச் செய்தி போடும் பக்கம் என்று எல்லோரும் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்கிறார்கள். போட்ட அன்று நூற்றுக்கணக்கில் கமெண்ட் குவிகிறது, ஃபாலோயர் எண்ணிக்கை மளமளவென்று ஏறுகிறது. செலவு ஒரு சேலைதானே என்று தோன்றும். ஆனால் மீதிச் செலவு பல மாதங்கள் கழித்துத்தான் வந்து சேர்கிறது. அதற்குள் காரணம் மறந்துபோவதால், யாரும் அந்தப் போட்டியைச் சந்தேகப்படுவதில்லை.

இதற்குத் தொழில்வட்டாரத்தில் ‘என்கேஜ்மென்ட் பெய்ட்’ என்று பெயர். லைக், கமெண்ட், ஷேர் ஆகியவற்றைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது. 2017 டிசம்பரில் ஃபேஸ்புக் இதை ஐந்து வகையாகப் பிரித்து அறிவித்தது. ‘தோனிக்கு லைக், கோலிக்கு ஹார்ட்’ என்று வாக்குக் கேட்பது, எமோஜி போடச் சொல்வது, ஷேர் செய்யச் சொல்வது, நண்பரை டேக் செய்யச் சொல்வது, ‘ஆம் என்று கமெண்ட் போடுங்கள்’ என்பது ஆகியவையே அந்த ஐந்து. லட்சக்கணக்கான பதிவுகளைக் கொடுத்துக் கணினிக்குப் பழக்கி, அப்படிப்பட்ட பதிவுகளைக் கண்டுபிடித்துக் கீழே தள்ளப்போவதாகச் சொன்னார்கள். அதைவிட முக்கியமானது அடுத்த வரி. திரும்பத் திரும்ப இதைச் செய்யும் பக்கத்தின் மற்றப் பதிவுகளும் சேர்ந்து கீழே போகும் என்றார்கள். காணாமல்போன குழந்தையைத் தேடுவது, சிகிச்சைக்கு நிதி திரட்டுவது, பயணத்துக்கு யோசனை கேட்பது போன்ற பதிவுகளுக்கு அந்தத் தண்டனை இல்லை என்றும் அப்போதே தெளிவுபடுத்தினார்கள்.

டேக் போட்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்தில் பரிசுப்போட்டி நடத்த ஃபேஸ்புக் அனுமதிக்கிறது. லைக்கையோ கமெண்டையோ நுழைவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘உங்கள் டைம்லைனில் ஷேர் செய்தால்தான் போட்டியில் சேர்க்கப்படுவீர்கள்’, ‘நண்பர்களை டேக் செய்தால்தான் சேர்க்கப்படுவீர்கள்’ என்ற நிபந்தனைகளை அதன் விதிமுறை பெயர் சொல்லியே தடுக்கிறது. நம் ஊரில் நடக்கும் ஃபேஸ்புக் போட்டிகளில் பெரும்பாலானவை இந்த விதியைப் படிக்காமலே நடக்கின்றன.

எது தூண்டில், எது நல்ல கேள்வி என்று எப்படிப் பிரிப்பது? பதிவிலிருந்து பரிசை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் எதைப் பற்றியதோ அதைப் பற்றி ஒரு வரியாவது மிஞ்சுகிறதா? பிறகு கமெண்டுகளை மட்டும் தனியாகப் படியுங்கள். வரிசையாக வெறும் பெயர்கள்தான் இருக்கின்றன என்றால் அது தூண்டில்தான். ‘சுங்குடிச் சேலையை முதல் தடவை துவைக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்ட பதிவின் கீழே ஒருவர் கல்லுப்புப் போட்டு ஊறவைப்பேன் என்பார், இன்னொருவர் தனியாக அலசி நிழலில் உலர்த்துவேன் என்பார். அந்தக் கமெண்டுகளை மூன்றாவது ஆள் படித்தாலும் பயன் உண்டு. பெயர்ப் பட்டியலைப் படித்து யாருக்கு என்ன பயன்?

டேக் செய்தவர்களின் கணக்குகளையும் திறந்து பாருங்கள். சில கணக்குகளில் சொந்தப் படம் ஒன்றுகூட இருக்காது, ஆயிரக்கணக்கான பக்கங்களை ஃபாலோ செய்திருக்கும், எல்லாப் போட்டியிலும் அதே மூன்று பெயர்களையே டேக் செய்திருக்கும். அவர்கள் பரிசுக்காக மட்டுமே சுற்றுபவர்கள். சேலை வாங்க வந்தவர்கள் இல்லை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு 4,000 ஃபாலோயர்கள் என்று கொள்வோம். ஒவ்வொரு பதிவும் சுமார் 1,000 பேருக்குப் போகிறது. அதில் 80 பேர் லைக், சேவ், கமெண்ட் என்று ஏதாவது செய்கிறார்கள்; 10 பேர் விலை கேட்டு இன்பாக்ஸுக்கு வருகிறார்கள். இந்தப் பக்கம் 1,200 ரூபாய்ச் சேலையைப் பரிசாக வைத்து டேக் போட்டி நடத்துகிறது. 2,500 பேர் புதிதாகச் சேர்கிறார்கள். வெற்றியாளரை அறிவித்த வாரத்திலேயே 700 பேர் கழன்றுகொள்கிறார்கள். மீதி 1,800 பேர் போகவுமில்லை, பார்ப்பதுமில்லை. மொத்தம் 5,800.

அடுத்த பதிவும் அதே 1,000 பேருக்குப் போகிறது என்று கொண்டால், அதில் 310 பேர் பரிசுக்கு வந்தவர்கள். பழையவர்கள் 690 பேர்தான். முன்பு நூற்றுக்கு எட்டுப் பேர் வினை காட்டினார்கள் அல்லவா? அதே விகிதத்தில் இந்த 690 பேரில் 55 பேர் வருவார்கள். புதியவர்களில் மூன்று பேர் லைக் போட்டாலும் மொத்தம் 58. விலை கேட்பவர்கள் 10 பேரிலிருந்து ஏழு பேராகக் குறைவார்கள். ஃபாலோயர் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியிருக்கிறது, விசாரிப்பவர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது.

சரிவு இத்தோடு நிற்பதில்லை. யாருக்கு எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்பதை எப்படி முடிவு செய்கிறோம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி 2021 ஜூனில் எழுதினார். ஒரு பதிவுக்கு எத்தனை லைக் வருகிறது, பார்ப்பவருக்கும் பதிவிட்டவருக்கும் இதற்கு முன் தொடர்பு இருந்ததா என்பவையெல்லாம் அதில் கணக்கில் வருகின்றன. நீங்கள் அந்தப் பதிவில் சில விநாடி நிற்பீர்களா, லைக் போடுவீர்களா, சேவ் செய்வீர்களா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அது ஊகிக்கிறது. 58 பேர் மட்டும் வினை காட்டிய பதிவு, 80 பேர் காட்டிய பதிவைவிட வலுக் குறைந்ததாகத் தெரியும். அடுத்த பதிவு இன்னும் சிலரை இழக்கலாம்.

நியாயமாகச் சொன்னால், ஊகம் ஆளுக்கு ஆள் மாறுவதால் சரிவு என் கணக்கைப் போல நேர்கோட்டில் வராது. பார்க்காதவர்களைக் கொஞ்ச நாளில் அது அடையாளம் கண்டு ஒதுக்கியும் விடலாம். அப்படி ஒதுக்கினாலும் அந்த 1,800 பேரும் முகப்பில் தெரியும் எண்ணாக மட்டுமே மிஞ்சுவார்கள். ஒரு சேலைகூட அவர்களால் கூடுதலாக விற்காது.

பணம் கட்டி விளம்பரம் செய்பவர்களுக்கு இழப்பு இன்னும் நேரடியானது. பக்கத்தோடு தொடர்புகொண்டவர்களுக்கு மட்டும் விளம்பரத்தைக் காட்டு, அவர்களைப் போன்றவர்களைத் தேடிக் காட்டு என்று மெட்டாவிடம் சொல்லும் வசதி உண்டு. தொடர்புகொண்டவர் பட்டியலில் 365 நாள்வரை பின்னோக்கிப் போகலாம். தீபாவளிக்கு நடத்திய போட்டியில் கமெண்ட் போட்ட எல்லோரும் அடுத்த தீபாவளிவரை அந்தப் பட்டியலில் இருப்பார்கள். ‘இவர்களைப் போன்றவர்கள்’ என்று நீங்கள் கேட்டால், பரிசு தேடுபவர்களைப் போன்றவர்களையே அது தேடிக் கொண்டுவரும். விளம்பரத்துக்கு லைக் விழும், விற்பனை விழாது. படம் சரியில்லை, விலை சரியில்லை என்று பக்கத்துக்காரர் மாற்றி மாற்றிப் பார்ப்பார். ஏற்கனவே போட்டி நடத்திவிட்டவர்கள் இதை ஓரளவு சரிசெய்யலாம். போட்டி நடந்த நாள்கள் உள்ளே வராதபடி அந்த 365 நாளைச் சுருக்குங்கள். அல்லது உண்மையில் பணம் கொடுத்து வாங்கியவர்களின் பட்டியலை வைத்து விளம்பரம் செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. டேக் போட்டியின் கமெண்ட் பகுதி மோசடிக்காரனுக்குத் தயாராகக் கிடைக்கும் பெயர்ப் பட்டியல். பக்கத்தின் முகப்புப் படத்தை எடுத்துக்கொள்வான். பெயரில் ஒரு புள்ளியோ அடிக்கோடோ மட்டும் கூட்டிப் புதுக் கணக்குத் திறப்பான். கமெண்ட் போட்ட ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்தி அனுப்புவான். “வாழ்த்துகள், நீங்கதான் வின்னர்! கூரியர் சார்ஜ் 199 ரூபாய் மட்டும் இந்த க்யூஆர் கோடுக்கு அனுப்புங்க.” காத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் அந்தப் புள்ளி கண்ணில் படாது. பணம் போன பிறகு அவர் திட்டுவது மோசடிக்காரனை இல்லை, உண்மையான பக்கத்தைத்தான். டேக் செய்யப்பட்டு வந்த நண்பருக்கும் அந்தச் செய்தி போயிருந்தால், இழுத்துவந்தவர் மேலும் மனத்தாங்கல் வரும்.

சேதம் தொடங்கிவிட்டதா என்று பக்கத்துக்காரரே கண்டுபிடிக்கலாம். இன்சைட்ஸ் பகுதியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், விலகியவர்கள் என்று தனித்தனி எண் இருக்கும். போட்டி முடிந்த நாளை ஒட்டி விலகியவர் எண்ணிக்கை குத்தென்று ஏறியிருந்தால் அது முதல் அறிகுறி. அடுத்து ஊர்ப் பட்டியலைப் பாருங்கள். திண்டுக்கல்லிலும் மதுரையிலும் மட்டும் கேக் கொடுக்கும் பக்கத்துக்கு வேறு மாநில ஊர்கள் மேலே வந்திருந்தால், வந்தவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லை. போட்டிக்கு முந்தைய பத்துப் பதிவுகளையும் பிந்தைய பத்தையும் எடுத்துக்கொண்டு, லைக்கை விட்டுவிட்டு, சேவ் எத்தனை, விலை விசாரித்தவர் எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். பண்டிகை முடிந்தாலும் விசாரிப்பு குறையும் என்பதால், முந்தைய ஆண்டின் அதே மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

பரிசு கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. டேக் நிபந்தனையை எடுத்துவிட்டு, உங்கள் பொருளை அறிந்தவர்தான் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். பரிசாக ஊரெல்லாம் விரும்பும் செல்போனை வைக்காமல், உங்கள் பொருளையே வையுங்கள். முடியும் தேதியையும் தேர்வு முறையையும் எழுதுங்கள். ‘வெற்றியாளரிடம் நாங்கள் பணம் கேட்க மாட்டோம்’ என்று பதிவின் முதல் வரியிலேயே போடுங்கள். கமெண்ட் அறுநூறு வராது, அறுபதுதான் வரும். அந்த அறுபது பேரும் சேலை கட்டுபவர்களாக இருப்பார்கள்.

டேக் செய்யும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரிசு விழுந்ததாகத் தனியாகச் செய்தி வந்தால், அந்தக் கணக்கின் பெயரை எழுத்தெழுத்தாக உண்மையான பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பரிசு வாங்குவதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை; யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் போட வேண்டியதுமில்லை. பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.