தடம் புரண்டது எங்கே?

"பேச்சு சம்பந்தமில்லாமல் இருக்கிறது" என்று மருத்துவக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால், அடுத்துப் படிக்கும் மருத்துவருக்கு அதனால் பயனில்லை. பிறர் சிந்தனையை நாம் நேரில் பார்ப்பதில்லை. காதில் விழுவது பேச்சுதான். அந்தப் பேச்சின் கோர்வை குலைவதையே சிந்தனை வடிவக் கோளாறு என்கிறோம். போலீஸ் தன்னைத் துரத்துகிறது என்று காரணமில்லாமல் நம்பும் ஒருவர், அதைக் கோர்வையாகவே சொல்லக்கூடும். அங்கே பிழை பேச்சின் பொருளில்தான், வடிவத்தில் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்குவதுதான் முதல் தவறு.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் ஒரு மருத்துவர், "ஊர்லேருந்து எப்படி வந்தீங்க?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மாட்டை அவிழ்த்துக் கட்டியது, பஸ்ஸை விட்டது எல்லாம் சொல்லி, கடைசியில் "மச்சான் வண்டியில வந்தேன்" என்று முடிக்கிறார். இது சுற்றிவளைத்த பேச்சு, பதில் வந்துசேர்ந்துவிட்டது. இன்னொருவர், "இந்த வருஷம் சாமை சரியா விளையலீங்க" என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார். கேள்வியைத் தொட்டும் தொடாமலும் போகும் இது விலகிய பதில். மூன்றாமவர் தன்போக்கில் பேசுகிறார்: "மச்சான் வண்டியில வந்தேன். வண்டிக்கு ரெண்டு சக்கரம். ரெண்டு கண்ணு இருந்தாத்தான் நட்சத்திரம் தெரியும். காவலூர்ல பெரிய தொலைநோக்கி இருக்கு. பலாவுக்கு இன்னும் நாளாகும்." ஒவ்வொரு வாக்கியமும் தனியே நன்றாக இருக்கிறது, இடையில்தான் தண்டவாளம் மாறுகிறது. இது தடம்புரளல். பலரும் இதையே 'சொற்குவியல்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயர், "வண்டி உப்பா கண்ணு நேத்து சக்கரத்தை" என்பதுபோல வாக்கியத்துக்குள்ளேயே இலக்கணம் சிதறும்போதுதான் பொருந்தும்.

பெயரில் என்ன இருக்கிறது, நோய் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. 1979இல் அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசன் இத்தகைய 18 பேச்சுக்குறைகளுக்கு வரையறை எழுதினார். மனச்சிதைவுக்கே உரியதென்று கருதப்பட்ட தடம்புரளல், பித்துநிலையிலும் நிறையவே வருகிறது என்று அவர் காட்டினார். ஆகவே அதை மட்டும் வைத்து மனச்சிதைவு என்று முடிவுகட்ட முடியாது. நேற்றுவரை சரியாகப் பேசியவரிடம் இன்று சொற்குவியல் தெரிந்தால், பக்கவாதமோ காய்ச்சலால் வந்த மூளைக் குழப்பமோ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு வலுவானது: மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கெனத் தனி வழக்குத் தமிழ் உண்டு, சமவெளியிலிருந்து போன மருத்துவரின் செவிக்கு அது புதுச்சொல்லாகவும் உளறலாகவும் கேட்கலாமே? கேட்கலாம்தான். (நகரத்து ஆங்கிலக் கலப்புத் தமிழும் அவர்களுக்கு அப்படித்தான் ஒலிக்கும்!) அதனால் 'புதுச்சொல் படைப்பு' என்று எழுதுமுன், அந்தச் சொல் வீட்டில் புழங்குவதா என்று உடன் வந்தவரைக் கேட்க வேண்டும். குறிப்பில் முதலில் வரவேண்டியது கேட்ட கேள்வி. அடுத்து நோயாளி சொன்ன நாலைந்து வரிகள், வந்தது வந்தபடியே. கலைச்சொல் அதற்குப் பிறகு. சொல்லைத் தவறாகத் தேர்ந்திருந்தாலும், அந்த வரிகளைப் படிப்பவர் திருத்திக்கொள்வார்.