நட்டம் எப்போது சொத்தாகும்?

ஒரு கம்பெனிக்கு இந்த ஆண்டு 10 கோடி ரூபாய் நட்டம். ஆனால் அதன் லாப நட்டக் கணக்கின் கடைசி வரி 7.5 கோடி நட்டம் என்றுதான் சொல்கிறது. மீதி 2.5 கோடி, இருப்புநிலைக் குறிப்பில் 'ஒத்திவைக்கப்பட்ட வரிச் சொத்து' என்ற தலைப்பில் ஏறியிருக்கிறது. ஆடிட்டர்கள் இதைச் சுருக்கமாக டி.டி.ஏ. என்பார்கள்.

இது கண்கட்டு வித்தை அல்ல. நட்டம் வந்தால் வருமான வரித்துறை பணம் தராது; அந்த நட்டத்தை வரும் ஆண்டுகளின் வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ள மட்டும் அனுமதிக்கும். இந்தியாவில் வியாபார நட்டத்தை 8 ஆண்டுகள் வரை இப்படி எடுத்துச் செல்லலாம். அதற்கு, நட்டமான ஆண்டின் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். கழிக்காமல் தங்கிவிட்ட தேய்மானத்துக்கு மட்டும் ஆண்டு வரம்பு கிடையாது.

பல கம்பெனிகள் தேர்ந்தெடுத்துள்ள புதிய வரி முறையில், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து வரி 25.168 சதவீதம். கணக்கு எளிதாக இருக்க 25 என்று வைத்துக்கொள்வோம். 10 கோடி நட்டம் பின்னாளில் 2.5 கோடி வரியை மிச்சப்படுத்தும். அந்த மிச்சம்தான் சொத்து. ஆனால் லாபம் வந்தால்தான் வரி, வரி இருந்தால்தான் மிச்சம்.

ஆகவே இதைக் கணக்கில் ஏற்றும் முன் ஒரு சோதனை உண்டு. பெரும்பாலான பட்டியலிட்ட கம்பெனிகள் பின்பற்றும் இந்திய கணக்கியல் தரம் 12-ன்படி, கெடு முடிவதற்குள் போதுமான வரிக்குரிய லாபம் வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டும். அண்மைக் காலமாகவே நட்டத்தில் ஓடும் கம்பெனிக்கு இது போதாது. அந்த நட்ட வரலாறே எதிர்ச்சாட்சி என்று தரம் கருதுகிறது. நம்பத்தகுந்த வேறு ஆதாரம் வேண்டும். தீ விபத்து போல, திரும்ப வராத ஒரு காரணத்தால் வந்த நட்டம் என்று காட்ட முடிந்தால் வாதம் வலுக்கும்.

பழைய தரமான ஏ.எஸ். 22 இன்னும் கறாரானது. அதற்கு ஏறக்குறைய முழு நிச்சயம் வேண்டும். ரத்து செய்தால் பெரிய நஷ்டஈடு கட்ட வேண்டிய, லாபம் தரும் ஏற்றுமதி ஆர்டர் கையில் இருந்தால் அது ஆதாரம். கடன் கேட்டு வங்கியில் கொடுத்த லாப மதிப்பீடு, வங்கியே ஏற்றுக்கொண்டிருந்தாலும், தனியாக ஆதாரம் ஆகாது.

நம் கம்பெனி சோதனையில் தேறிவிட்டது என்று கொண்டு, ஆண்டுவாரியாகப் பதிவுகளைப் பார்ப்போம்.

முதல் ஆண்டு: டி.டி.ஏ. கணக்கில் பற்று 2.5 கோடி, லாப நட்டக் கணக்கில் அதே தொகை வரவு. நட்டம் 7.5 கோடியாகக் குறைகிறது.

இரண்டாம் ஆண்டு: லாபம் 4 கோடி. பழைய நட்டத்தைக் கழிப்பதால் கட்ட வேண்டிய வரி இல்லை. ஆனால் மிச்சமான 1 கோடியை முன்பே வரவு வைத்தாயிற்றே! எனவே லாப நட்டக் கணக்கில் 1 கோடி பற்று, டி.டி.ஏ.வில் வரவு. நிகர லாபம் 3 கோடி, டி.டி.ஏ. மீதி 1.5 கோடி.

மூன்றாம் ஆண்டு: லாபம் 3 கோடி. 75 லட்சம் கழிந்து, டி.டி.ஏ.வில் இன்னொரு 75 லட்சம் நிற்கிறது. அதற்குரிய நட்டம் 3 கோடி. ஆனால் ஆண்டு முடிவில் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகிவிட்டார். இனி 1 கோடிக்கு மேல் லாபம் எதிர்பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் சோதனையைத் திரும்பச் செய்தாக வேண்டும். ஆகவே 25 லட்சத்தை வைத்துக்கொண்டு, 50 லட்சத்தையும் செலவாக எழுதுகிறார்கள். மொத்த வரிச் செலவு 1.25 கோடி, நிகர லாபம் 1.75 கோடி.

நான்காம் ஆண்டு: எதிர்பாராமல் 3 கோடி லாபம் வந்துவிடுகிறது. எழுதித் தள்ளியது கணக்கில் மட்டும்தான். வரித்துறையிடம் உள்ள உரிமை அப்படியே இருக்கிறது. ஆகவே 3 கோடியையும் கழித்துக்கொள்ளலாம். கட்டும் வரி பூஜ்யம், டி.டி.ஏ.வில் மிஞ்சிய 25 லட்சம் மட்டுமே செலவு. நிகர லாபம் 2.75 கோடி. வியாபாரம் திடீரெனச் செழித்ததுபோல் தெரியும். வரிக்கு முந்தைய லாபமோ சென்ற ஆண்டின் அதே 3 கோடிதான்.

பங்கு வாங்குபவர்கள் இதனால் முதலில் வரிக்கு முந்தைய லாபத்தைப் பார்ப்பது நல்லது. அடுத்து, நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் வரி பற்றிய பகுதி. கணக்கில் ஏற்றாத நட்டம் எவ்வளவு, அது எந்த ஆண்டில் காலாவதியாகும் என்பது அங்கே இருக்கும். நட்டத்தில் இருந்துகொண்டே, இனி வரும் லாபத்தை நம்பி டி.டி.ஏ. காட்டும் கம்பெனி, அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்பதையும் எழுத வேண்டும். அந்த இடத்தில் வெறும் 'நிர்வாகத்தின் மதிப்பீடு' என்று மட்டும் இருந்தால், அந்தச் சொத்தைக் கழித்துவிட்டு கம்பெனியின் நிகர மதிப்பைப் போட்டுப் பாருங்கள்.